வேண்டாத அழைப்பும் 1909-உம்

நண்பகல் உணவு முடிந்து முதியவர் ஒருவர் சற்றே கண்ணயர்கிறார். தொலைபேசி மணி ஒலிக்கிறது. வெளியூரிலிருக்கும் மகனோ, மருத்துவமனையோ என்று பதறி எழுந்து எடுத்தால், ‘ஐயா, கடன் வேண்டுமா?’ என்று ஒரு குரல் கேட்கிறது. சிறிது நேரம் கழித்து மனை விற்பவர் அழைக்கிறார். மாலையில் காப்பீட்டு முகவர். இவற்றுக்கு அஞ்சி மணியோசையையே நிறுத்தி வைத்துவிடுகின்ற முதியோர் பலர் உள்ளனர். அவ்வாறு நிறுத்தியபின் உண்மையாகவே வரவேண்டிய அழைப்பும் அவர்கள் காதில் விழுவதில்லை. இதைத்தான் நாம் பெரிய இழப்பு எனக் கருதுகிறோம்.

இதற்கு நம் நாட்டில் சட்டபூர்வமான பரிகாரம் உண்டு. விளம்பர அழைப்புகளை விரும்பாதோர் தம் எண்ணைப் பதிந்து வைக்கும் பதிவேடு 2007-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010-லும் 2018-லும் அதன் விதிகளைத் திருத்தி எழுதியது. 2025 பிப்ரவரியில் மீண்டும் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. மக்கள் வழக்கில் ‘டி.என்.டி.’ என வழங்குவது இந்தப் பதிவேட்டையே. ஆயினும், ‘பதிந்துவிட்டேன், அழைப்பு நின்றபாடில்லை, எல்லாம் வெறும் ஏமாற்று’ என்று சலித்துக் கொள்வோரே மிகுதி. அந்தச் சலிப்பில் நியாயம் உண்டு. ஆனால் பதிவேடு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று அறிந்தவர்களுக்கு அடுத்து எங்கே தட்ட வேண்டும் என்பது விளங்கிவிடும். அதையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பதிவது எவ்வாறு?

பதிவது எளிது. எந்த எண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டுமோ, அந்த எண்ணிலிருந்தே 1909 என்ற எண்ணுக்குக் கீழ்க்கண்டவாறு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும்.

```
FULLY BLOCK
```

குறுஞ்செய்தி எழுதிப் பழகாதோர் 1909-ஐ அழைத்து, அங்கே சொல்லப்படும் வழியைப் பின்பற்றலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை. சேவை நிறுவனத்தின் செயலி வழியாகவும், ஆணையம் வெளியிட்டுள்ள டி.என்.டி. செயலி வழியாகவும் இதையே செய்யலாம். ஒரு வீட்டில் நான்கு எண்கள் இருந்தால் நான்கையும் தனித்தனியே பதிய வேண்டும். தந்தையின் எண்ணைப் பதிந்ததால் தாயின் எண்ணுக்குக் காப்பு வந்துவிடாது.

‘முழுவதும் தடுத்துவிட்டால் வங்கியின் ஓ.டி.பி. வராமற் போய்விடுமோ?’ என்று பலர் தயங்குகின்றனர். அந்த அச்சம் வேண்டா. கணக்கில் பணம் ஏறியது, இறங்கியது, ஒரு பரிவர்த்தனைக்குரிய கடவு எண் போன்ற செய்திகளை இப்பதிவு தடுப்பதில்லை. நின்றுபோவன விளம்பரங்களே. எல்லா விளம்பரங்களையும் வெறுக்காதவர்களுக்கும் வழி உண்டு. வங்கி மற்றும் காப்பீடு, வீடு மனை, கல்வி, உடல்நலம், நுகர்பொருள், சுற்றுலா என்று விளம்பரங்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. கல்லூரி அறிவிப்புகள் வரட்டும், மனை விளம்பரம் மட்டும் வேண்டாம் என எண்ணுவோர் மனைக்குரிய எண்ணான 2-ஐ மட்டும் குறித்து, `BLOCK 2` என அனுப்பலாம். முதியோருக்கு முழுத் தடையே நலம் என்பது நம் கருத்து.

பதிவு ஏற்கப்பட்டதும் உறுதிச் செய்தி வரும். அச்செய்தியை அழித்துவிடாது வைத்திருப்பது நன்று. அனுப்பிய அன்றே எல்லாம் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டா; சில நாள்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

பதிவேட்டைப் பார்ப்பவர் யார்?

பதிவேடு என்பது வீட்டு வாயிலில் நிற்கும் காவலாளி அன்று. நம் தொலைபேசிக்கு வரும் ஒவ்வோர் அழைப்பையும் அது நிறுத்தி விசாரிப்பதில்லை. விளம்பரம் அனுப்ப விரும்பும் நிறுவனம் முறைப்படித் தன்னைப் பதிவு செய்துகொண்டு, தனக்குரிய வழியே அனுப்பும்போது, அது கொடுக்கும் எண்களின் பட்டியல் பதிவேட்டோடு ஒப்பிடப்படும். தடை கேட்டவர்களின் எண்கள் அப்பொழுது நீக்கப்படும். நேர்வழியில் வருபவர்களுக்கு மட்டுமே இந்தச் சல்லடை.

நேர்வழியில் வருபவர்களை அடையாளம் காண்பதும் எளிது. பதிவு பெற்றவர்களின் விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வரும். வங்கி முதலிய நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரோடு கணக்குத் தொடர்பாகப் பேசுவதற்கு 1600 என்று தொடங்கும் வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. வங்கிகள் இவ்விரு வரிசைகளையே அவ்வவற்றுக்குரியவாறு பயன்படுத்த வேண்டுமென்று ரிசர்வ் வங்கியும் 2025 ஜனவரியில் பணித்தது. குறுஞ்செய்தியாயின் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். `-P` என முடிந்தால் விளம்பரம். `-S` என்றால் சேவைச் செய்தி. `-T` என்றால் பரிவர்த்தனை. `-G` என்றால் அரசுச் செய்தி. முழுத் தடை பெற்ற எண்ணுக்கு, இசைவு ஏதும் கொடாதிருக்கையில், `-P` என முடியும் செய்தி வரக் கூடாது.

சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து மனை விற்க அழைப்பவரோ எந்தப் பட்டியலையும் எவரிடமும் கொடுப்பதில்லை. கடையில் வாங்கிய சிம் அட்டையைப் போட்டு, எங்கிருந்தோ கிடைத்த எண்களை வரிசையாக அழுத்துகிறார். அவரைப் பதிவேடு அறியாது. வணிக அழைப்புக்குச் சாதாரணப் பத்து இலக்க எண்ணைப் பயன்படுத்துவதே விதிமீறல். பதிந்த பின்னும் தொடரும் தொல்லையில் பெரும்பகுதி இவர்களாலேயே வருகிறது. இவர்களை அடக்கும் ஒரே கருவி புகார்தான்.

ஒரு வீட்டின் கணக்கு

விளக்கத்திற்காக, தஞ்சையில் தனித்து வாழும் ஓர் அம்மையாரை எண்ணிக்கொள்வோம். வயது அறுபத்தெட்டு. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் அவர் முழுத் தடை கேட்டுப் பதிகிறார். அடுத்த வாரத்தில் 140 எண் அழைப்புகள் நின்றுவிடுகின்றன. கடன் அட்டை விளம்பரச் செய்திகளும் அடங்குகின்றன. ஆனால் இரண்டு தொல்லைகள் எஞ்சுகின்றன. ஒன்று, ஒரு துணிக்கடையிலிருந்து வரும் தள்ளுபடிச் செய்தி. மற்றொன்று, பகல் இரண்டரை மணிக்கு ஒரு கைப்பேசி எண்ணிலிருந்து வரும் மனை விற்பனை அழைப்பு.

துணிக்கடைச் செய்தியின் அனுப்புநர் பெயர் `-P` என முடிகிறது. ஆக, அது பதிவு பெற்ற நிறுவனமே. பின் எவ்வாறு வந்தது? பொங்கலுக்குச் சேலை எடுத்தபோது, ரசீது போடுமிடத்தில் எண்ணைக் கேட்டார்கள், அம்மையார் கொடுத்தார், ஒரு சீட்டில் கையொப்பமும் இட்டார். விளம்பரம் பெற இசைகிறேன் என்பதும் அச்சீட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. நாமே தந்த இசைவு பதிவேட்டிலுள்ள தடையை மீறிச் செல்லும் வலிமையுடையது என்பது விதி. ஆகவே இங்கு 1909-க்குப் புகார் செய்தால், ‘இசைவு உள்ளது’ என்ற மறுமொழியோடு அது முடிந்துவிடக்கூடும். முதலில் இசைவைத் திரும்பப் பெற வேண்டும். விளம்பரச் செய்தி ஒவ்வொன்றிலும் விலகுவதற்குரிய வழி இருக்க வேண்டுமென்பது 2025-ஆம் ஆண்டுத் திருத்தம். அதன்படி விலகியபின் 90 நாள்களுக்கு அந்நிறுவனம் மறுபடி இசைவு கேட்கவும் கூடாது. விலகிய பின்னும் செய்தி வருமானால் அது புகாருக்குரியதாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். முறையான அனுப்புநர் பெயரோடு வரும் செய்தியில் மட்டுமே இந்த விலகும் வழியைப் பயன்படுத்துக. பெயர் தெரியாத கைப்பேசி எண்ணிலிருந்து வரும் செய்தியில், ‘நிறுத்த இங்கே தொடுக’ என்றிருக்கும் இணைப்பைத் தொடலாகாது. அது நிறுத்துவதற்கு அன்று, சிக்கவைப்பதற்காகவும் இருக்கலாம்.

இனி மனை விற்பவருக்கு வருவோம். அவர் செப்டம்பர் 10-ஆம் நாள் புதன்கிழமை அழைக்கிறார். அம்மையார் சினந்து இணைப்பைத் துண்டித்து, அந்த எண்ணைத் தம் கைப்பேசியில் தடை செய்துவிட்டால் என்ன ஆகும்? அவருக்கு அந்த எண் ஓயும். அடுத்த நாள் வேறோர் எண் வரும். தெருவிலுள்ள மற்றவர்களுக்கோ பழைய எண்ணே மணியடிக்கும். ஆகவே தடை செய்வதற்கு முன் புகார் செய்ய வேண்டும். அடுத்த வீட்டுப் பெண் வந்து, “அத்தை, போனை இப்படிக் கொடுங்கள்” என்று வாங்கி, அழைப்புப் பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறாள்.

```
Plot sale call, 9XXXXXXXXX, 10/09/25
```

இதில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது, என்ன பேசினார்கள் என்ற சிறு குறிப்பு. நிறுவனத்தின் பெயரையோ மனைப் பிரிவின் பெயரையோ சொல்லியிருந்தால் அதையும் சேர்த்தல் நன்று. இரண்டாவது, அழைத்த எண், பத்து இலக்கமும் பிழையின்றி. மூன்றாவது, நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதி. இடையில் காற்புள்ளி. தொல்லை அழைப்பாக இல்லாமல் குறுஞ்செய்தியாக இருந்தால், குறிப்புக்குப் பதிலாக அச்செய்தியின் வாசகத்தையே இட்டு, எண்ணுக்குப் பதிலாக அனுப்புநர் பெயரைக் குறித்து 1909-க்கு அனுப்பலாம்.

அழைப்பு வந்து ஏழு நாள்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். முன்னர் மூன்று நாள்களே தரப்பட்டிருந்தன. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஏழாக உயர்த்திற்று. பதிவேட்டில் பெயர் கொடுக்காதவர்களும், பதிவு பெறாத இத்தகைய விற்பனையாளர்மீது புகார் செய்யலாம் என்ற உரிமையையும் அதே திருத்தம் வழங்கியது. இவ்வுரிமையை அறியாதோர் இன்னும் பலர்.

புகார் போகும் வழி

புகாருக்கு ஓர் எண் தரப்படும். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நடப்பது இது. அம்மையாரின் சேவை நிறுவனம் தன் அழைப்புப் பதிவுகளைப் புரட்டி, அந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்கு அந்த நாளில் அழைப்பு வந்ததா எனச் சரிபார்க்கும். வந்திருந்தால், அழைத்தவரின் சேவை நிறுவனத்திற்குப் புகார் செல்லும். அந்நிறுவனம் ஐந்து நாள்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். முன்னர் இதற்கு முப்பது நாள்கள் அனுமதிக்கப்பட்டிருந்தன. முப்பது நாள்களில் அந்த விற்பனையாளர் எத்தனை சிம் அட்டை மாற்றியிருப்பார்!

புகார்கள் வீணாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணமாவது அந்தச் சரிபார்ப்புத்தான். அழைப்பு வந்தது பத்தாம் தேதி, எழுதியது ஒன்பதாம் தேதி என்றால், பதிவில் அழைப்பே இராது, புகார் தள்ளுபடியாகும். எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் அதே கதி. நினைவிலிருந்து எழுதாமல், அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்து எழுதுவதே முறை. சில செயலிகள் அழைப்பவரின் பெயரைக் காட்டுகின்றன. அப்பெயர் புகாருக்கு உதவாது; எண்ணே தேவை. பட்டியலைத் திரையில் படம்பிடித்து வைத்துக்கொண்டால் பின்னர் மேல்முறையீட்டுக்குப் பயன்படும்.

சரி, புகார் ஏற்கப்பட்டது. அந்த மனை விற்பவரின் எண் உடனே துண்டிக்கப்படுமா? ஒரே புகாரால் அவ்வளவு நடந்துவிடாது. பத்து நாள்களுக்குள் வெவ்வேறு ஐந்து பேரிடமிருந்து புகார் வந்திருக்க வேண்டும் என்பது இப்போதைய அளவு. முன்னர் இது ஏழு நாள்களில் பத்துப் பேர் என்றிருந்தது. ஒருவரே ஐந்து முறை எழுதினாலும் அது ஒன்றாகவே கருதப்படும். ‘புகார் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று பலர் கூறுவதன் மறைபொருள் இதுவே. அவருடைய புகார் தவறானதன்று; இன்னும் நான்கு பேர் எழுதவில்லை. அதே எண்ணிலிருந்து அதே தெருவில் இருபது வீடுகளுக்கு அழைப்பு வந்திருக்கும். இருபது பேரும் முணுமுணுத்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்திருப்பார்கள்.

ஆகவே அடுத்த வீட்டுப் பெண் தன் கைப்பேசியின் அழைப்புப் பட்டியலையும் ஒருமுறை பார்த்தல் நலம். அதே எண் அங்கேயும் இருந்தால், அவளும் தன் எண்ணிலிருந்து தனியே எழுதலாம். உண்மையாக அழைப்பு வந்தவர்கள் மட்டுமே எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அழைப்பு வராதவரின் புகார் சரிபார்ப்பில் தானே விழுந்துவிடும்.

ஐந்து என்ற அளவு எட்டி மீறல் உறுதியானால், முதல் முறைக்கு அந்த விற்பனையாளரின் வெளிச்செல்லும் அழைப்புகள் 15 நாள்களுக்கு நிறுத்தப்படும். மீண்டும் மீறினால், அவர் பெயரிலுள்ள இணைப்புகள் யாவும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்பட்டு, கறுப்புப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறும். இது வெறும் ஏட்டுச் சட்டம் என எண்ண வேண்டா. ஆணையம் 2024 ஆகஸ்டு 13-ஆம் நாள், பதிவு பெறாத விற்பனை அழைப்பாளர்களின் இணைப்புகளை நீக்குமாறு எல்லாச் சேவை நிறுவனங்களையும் பணித்தது. அடுத்த சில வாரங்களிலேயே இரண்டே முக்கால் இலட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகச் செப்டம்பர்த் தொடக்கத்தில் ஆணையமே அறிவித்தது. ஆயினும் சிம் அட்டைகளைப் பணியாளர் பலரின் பெயரில் வாங்கிக் குவித்திருக்கும் நிறுவனத்தை இந்த முறை முழுவதுமாக அடக்கிவிடும் என்று நாம் கூற மாட்டோம். துன்பப்படுபவரே காவலராகவும் இருக்க வேண்டியுள்ளது என்பது இந்த ஏற்பாட்டின் குறை.

எட்டாத இடங்கள்

வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் வரும் விளம்பரங்கள் 1909-இன் எல்லைக்குள் அடங்குவதில்லை. அவை இணையத்தின் வழியே வருவன. சேவை நிறுவனத்தின் அழைப்புப் பதிவில் அவற்றுக்கு இடமில்லை. அந்தச் செயலியிலேயே தடை செய்து, அங்கேயே முறையிட வேண்டும்.

வேறொன்றையும் பிரித்தறிய வேண்டும். மனை விற்பவர் தொல்லை தருபவர், திருடர் அல்லர். ‘உங்கள் கணக்கு முடக்கப்படும்’, ‘உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் உள்ளது’, ‘காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம்’ என்பவை விளம்பரம் அல்ல, மோசடி. இவற்றுக்கு 1909 இடமன்று. பணம் போகாதிருந்தால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் `sancharsaathi.gov.in` தளத்திலுள்ள ‘சக்ஷு’ என்ற பகுதியில் தெரிவிக்கலாம். 2024 மார்ச்சில் இது தொடங்கப்பட்டது. பணம் போய்விட்டதென்றால் ஒரு நொடியும் தாழ்த்தாமல் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் மேலும் கைமாறுவதற்கு முன் தடுத்து நிறுத்த முடியுமா என்பது நாம் அழைக்கும் விரைவைப் பொறுத்தது.

புகார் காரணமின்றி மூடப்பட்டால்

காரணமே கூறாமலோ, பொருந்தாக் காரணம் கூறியோ புகார் மூடப்படுவதும் உண்டு. ‘நீங்கள் இசைவு தந்துள்ளீர்கள்’ என்று, கேள்வியேபடாத ஒரு நிறுவனத்தைக் குறித்துச் சொல்வார்கள். அப்போது முதலில் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தை அழைத்து, பழைய புகார் எண்ணைக் கூறி, இசைவு எந்த நாளில், எந்த வழியில் பெறப்பட்டது எனக் கேட்க வேண்டும். விடை நிறைவளிக்காவிடில், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அவருடைய முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். ஒழுங்குமுறை ஆணையத்திற்கே நேரில் எழுதுவோர் உளர். ஆணையம் விதி வகுப்பதேயன்றித் தனிமனிதரின் புகாரை விசாரித்துத் தீர்ப்பதில்லை. எனவே அந்தக் கடிதம் மீண்டும் சேவை நிறுவனத்திற்கே திரும்பும். மேல்முறையீடும் பயனளிக்காதபோது, மத்திய அரசின் `pgportal.gov.in` என்ற பொதுமக்கள் குறைதீர் தளத்தில், தொலைத்தொடர்புத் துறையைத் தெரிவு செய்து முறையிடலாம்.

முறையீடு நீளமாக இருக்க வேண்டியதில்லை. நம் எண் பதிவேட்டில் ஏறிய நாள், தொல்லை தந்த எண், அழைப்பு வந்த நாளும் நேரமும், 1909-க்கு எழுதிய நாள், கிடைத்த புகார் எண், நிறுவனம் அளித்த விடை ஆகிய இவ்வளவும் அரைப்பக்கத்தில் அடங்கும். அழைப்புப் பட்டியலின் படத்தையும் உறுதிச் செய்தியின் படத்தையும் அதனுடன் சேர்த்து அனுப்ப வேண்டும்.